இரவு 12 மணிக்குப் படம் மாறுகிறது, லண்டனில் மட்டும் பழைய படம் – சிடிஎன் பர்ஜ் போதுமா?

நூல்கடை:
எங்கள் சேலைக் கடை தளத்தில் ஒவ்வொரு புதன் இரவும் 12:00-க்கு ஸ்டுடியோ ஃபோல்டரிலிருந்து புதுப் படங்கள் சர்வருக்கு ஏறும், 12:05-க்குத் தனி கிரான் ஒன்று கிளவுட்ஃபிரண்ட் கேஷைப் பர்ஜ் செய்யும். சென்னையில் எனக்குப் புதுப் படம் தெரிகிறது, லண்டன் வாடிக்கையாளருக்குப் பழைய படம்தான் வருகிறது. மயில்கழுத்து நிறம் என்று நினைத்து வாங்கி, பச்சை வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார். பர்ஜ் வேலை செய்யவில்லையா?

பாஸ்கரன்:
படம் மெதுவாக வருவதுதான் சிக்கல் என்றால் வெப்பி ஃபார்மட்டுக்கு மாற்றிப் பாருங்கள். எங்கள் பாத்திரக் கடையில் பாதிக்குப் பாதி எடை குறைந்தது.

நூல்கடை:
மெதுவாக இல்லைங்க, பழைய படம் வருகிறது. கோப்புப் பெயர் அதேதான், `SR-4471-1.jpg`. உள்ளே இருக்கும் படம் மட்டும் மாறும்.

கொற்கை:
லண்டனில் ஏதாவது சர்வர் இருந்தால் அங்கிருந்து `curl -sI` போட்டு, வரும் ஹெடரை இங்கே ஒட்டுங்கள். போட்ட நேரத்தையும் சொல்லுங்கள்.

நூல்கடை:
நண்பர் ஒருவரின் சர்வரிலிருந்து, நம்ம நேரம் காலை 6:10-க்கு:

```
cache-control: public, max-age=2592000
age: 21720
x-cache: Hit from cloudfront
x-amz-cf-pop: LHR50-C1
```

கொற்கை:
விடை அந்த `age` வரியிலேயே இருக்கிறது. 21720 நொடி என்றால் 6 மணி 2 நிமிடம், அதாவது இந்தப் படம் லண்டன் கேஷுக்குள் போனது நம்ம நேரம் 12:08-க்கு. உங்கள் பர்ஜ் 12:05-க்கு ஓடியிருக்கிறது, ஒழுங்காகவும் ஓடியிருக்கிறது, இல்லையென்றால் `age` நாள்கணக்கில் இருந்திருக்கும். இப்போது சர்வரில் அந்தக் கோப்பு எழுதப்பட்ட நேரத்தைப் பாருங்கள், படத்தின் சொந்தத் தேதியை அல்ல, rsync லாகில் இருக்கும் நேரத்தை.

நூல்கடை:
12:11. இந்த வாரம் 600 படம் இருந்ததால் மொத்தமும் ஏறி முடிய 14 நிமிடம் ஆகியிருக்கிறது. வழக்கமாக மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கொற்கை:
அதுதான். 12:05-க்குக் கேஷ் காலியானது, 12:08-க்கு லண்டனில் மாலை நேரம், யாரோ அந்தச் சேலையைத் திறந்தார்கள், சிடிஎன் உங்கள் சர்வரைக் கேட்டது, அப்போது அங்கே இருந்தது பழைய படம். அது இன்னும் 30 நாளைக்கு அங்கேயே உட்கார்ந்திருக்கும். சென்னைப் பக்கம் 12:05-லிருந்து 12:11 வரை அந்த ஆறு நிமிடத்தில் யாரும் அதைத் திறக்கவில்லை, உங்களுக்குப் புதுப் படம் வந்ததற்கு அது மட்டுமே காரணம்.

சாந்தி:
அப்போ தீர்வு சுலபம். இரண்டு கிரான் எதற்கு, ஒரே ஸ்கிரிப்டில் ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று ஓடட்டும். நான்கு வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன்:

```
rsync -a --delay-updates studio/ /srv/media/ &&
aws cloudfront create-invalidation \
  --distribution-id "$DIST" --paths "/media/*"
```

`--delay-updates` இருப்பதால் எல்லாக் கோப்பும் ஓரமாக வந்து சேர்ந்து, கடைசியில் ஒரே மூச்சில் பெயர் மாறும். `/media/*` ஒரே பாதையாகத்தான் கணக்கில் வரும், செலவும் இல்லை. பர்ஜ் முடிந்தால் எல்லோருக்கும் புதுப் படம்தான்.

கொற்கை:
வரிசை சரி, இன்று இரவே அதைச் செய்யலாம். ஆனால் "எல்லோருக்கும்" என்பது தவறு, சாந்தி. `max-age=2592000` பிரவுசருக்கும் சேர்த்துச் சொன்ன சொல். போன வாரம் அந்தச் சேலையைப் பார்த்தவருடைய போனில் பழைய படம் இருக்கிறது, அந்த போன் 30 நாளைக்கு யாரையும் கேட்காது. நீங்கள் பர்ஜ் செய்வது சிடிஎன் கேஷைத்தான், வாடிக்கையாளர் போனுக்குள் உங்கள் கை போகாது. இன்னொன்று, ஸ்டுடியோவில் யாராவது நடுவில் ஒரு கோப்பை நீக்கினால் rsync 24 என்ற எண்ணோடு முடியும், `&&` அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு பர்ஜையே விட்டுவிடும்.

ஆகவே படத்தை அதே பெயரில் மேலெழுதவே கூடாது என்பதுதான் என் கட்சி. படத்தின் ஹாஷைப் பெயரில் சேருங்கள், `SR-4471-1.9f3ac2.jpg` மாதிரி. முதலில் கோப்பு ஏறட்டும், அப்புறம் டேட்டாபேஸில் பெயர் மாறட்டும், கடைசியில் அந்தப் பொருளின் பக்கத்தை மட்டும் பர்ஜ் செய்யுங்கள்.

சாந்தி:
24 பற்றித் தெரியாது, இன்றே சேர்த்துவிடுகிறேன். ஆனால் பிரவுசருக்கு வேறு வழி இருக்கிறதே, `max-age=300, s-maxage=2592000` என்று போட்டால் சிடிஎன்னுக்கு 30 நாள், போனுக்கு 5 நிமிடம். எல்லாப் பெயரையும் மாற்றச் சொல்வது எளிது, பெயர் மாறினால் அந்த முகவரியை வைத்திருக்கும் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? எங்கள் படங்களை மூன்று விற்பனைத் தளங்கள் பொருள் எண்ணை வைத்துத்தான் எடுக்கின்றன.

கொற்கை:
அந்த 5 நிமிடம் நீங்கள் நினைப்பது போல நடக்காது. படத்தோடு `age: 21720` போகிறது அல்லவா, பிரவுசர் அதையும் கழித்துத்தான் கணக்குப் போடும். 300-ஐத் தாண்டிவிட்டது, வந்த நொடியிலேயே அது பழசு. பட்டியல் பக்கத்தில் 40 படம் இருந்தால் ஒவ்வொரு முறையும் 40 தடவை "மாறிவிட்டதா" என்று கேட்டு 304 வாங்கும். சரியான படம்தான் வரும், ஆனால் சிக்னல் குறைந்த இடத்தில் அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியும். ஏற்கெனவே 30 நாள் என்று வாங்கி வைத்த போன்களுக்கு இந்த மாற்றம் போய்ச் சேரவும் சேராது.

ரேவதி:
பெயரை மாற்ற வேண்டாம், `?v=2` என்று பின்னால் சேர்த்தால் போதும்.

கொற்கை:
பிரவுசருக்குப் போதும். ஆனால் கிளவுட்ஃபிரண்டின் `CachingOptimized` பாலிசி கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைக் கேஷ் கீயில் சேர்க்காது. `?v=2` கேட்டாலும் சிடிஎன்னில் இருக்கும் பழைய படத்தையே கொடுக்கும், அதைப் பிரவுசர் புதுசு என்று சேமித்துக்கொள்ளும். அந்த அமைப்பை மாற்றாமல் இதில் இறங்க வேண்டாம்.

பாஸ்கரன்:
முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன். `/media/*` பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நான் பட்டது. தள்ளுபடி தொடங்கும் இரவில் மொத்தத்தையும் பர்ஜ் செய்தேன், எங்கள் சர்வர் ஒவ்வொரு படத்தையும் ஐந்து அளவில் கேட்கும்போதுதான் வெட்டித் தரும். எல்லா நாட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்க, சிபியு நூறில் நின்று இருபது நிமிடம் கடையே திறக்கவில்லை. இப்போது மாறிய பொருளை மட்டும் பர்ஜ் செய்கிறேன். நட்சத்திரக்குறி பாதையின் கடைசியில் மட்டுமே செல்லும் என்பதால் அளவைப் பின்னால் தள்ளினேன், `/media/SR-4471-1/w400.jpg` மாதிரி. `/media/SR-4471-1/*` என்ற ஒரே பாதையில் ஐந்தும் போய்விடும். முன்பு சிறிய அளவு மட்டும் விட்டுப்போய்ப் பட்டியலில் ஒரு நிறமும் உள்ளே வேறு நிறமும் தெரிந்தது. வாரம் 600 என்றால் மாதம் 2400 பாதை, முதல் 1000 இலவசம், மீதி 1400-க்கு 0.005 டாலர் வீதம் 7 டாலர்.

சாந்தி:
அந்த 7 டாலர் பெரிதல்ல, பாஸ்கரன் சொன்னபடி செய்யலாம். வெளித்தளங்கள் விஷயத்துக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

கொற்கை:
அவர்களுக்குப் பழைய பெயரிலேயே ஒரு முகவரி வைத்து, அது புதுப் பெயருக்கு 302 கொடுக்கட்டும், அந்த 302-க்கு மட்டும் 5 நிமிட ஆயுள். சில தளங்கள் ரீடைரக்டைப் பின்தொடராது, அவர்களுக்கு உங்கள் வழிதான், ஒப்புக்கொள்கிறேன்.

நூல்கடை:
இன்று இரவு சாந்தி அக்கா சொன்ன வரிசையோடு, 24-ஐயும் கவனித்து ஓட்டுகிறேன். பெயர் மாற்றம் அடுத்த மாதம். ஹாஷ் பெயர் வந்த பிறகு பழைய கோப்புகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? போன மாதம் அனுப்பிய மெயில்களில் பழைய படத்தின் முகவரிதான் இருக்கிறது.

கொற்கை:
நான் 90 நாள் வைக்கிறேன்.

சாந்தி:
நான் நீக்குவதே இல்லை. தீபாவளி மெயிலைப் பொங்கலுக்குத் திறப்பவர்கள் இருக்கிறார்கள்.