வருகைப் பதிவில் விடுபட்ட பஞ்சைச் சேர்த்து அனுமதியும் வாங்கியாச்சு, இன்னும் அரை நாள் என்றே காட்டுகிறது. எங்கே தப்பு?

தென்றல்:
வருகைப் பதிவு வேலைக்கு நான் புதிது. ஷிஃப்ட் காலை 9:00 முதல் மாலை 6:00 வரை, மதிய இடைவேளை 45 நிமிடம். உள்ளே இருந்த நேரம் 8 மணி வந்தால் முழு நாள், 4 மணி வந்தால் அரை நாள். இடைவேளைக்குப் போகும்போதும் வரும்போதும் மெஷினில் விரல் பதித்துப் பஞ்ச் வைக்க வேண்டும்.

11ஆம் தேதி ஒருவருக்கு அரை நாள் விழுந்தது. ரிப்போர்ட்டில் "அவுட் பஞ்ச் இல்லை" என்று வந்தது. அவரும் அதைப் பார்த்து அவுட் விடுபட்டது என்று படிவம் எழுதிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார். நான் 18:00 என்று அவுட் சேர்த்தேன். நிலை "அனுமதிக்கப்பட்டது" என்று மாறிவிட்டது, ஆனால் அரை நாள் மட்டும் மாறவில்லை. மறுபடி கணக்கிட்டும் பார்த்துவிட்டேன்.

எளியவழி:
ரொம்ப சிம்பிள்ங்க. கணக்கிடும் முறையை "முதல் இன், கடைசி அவுட்" என்று மாற்றிவிடுங்கள். நடுவில் எத்தனை பஞ்ச் விட்டாலும் கவலையில்லை. காலை முதல் பஞ்ச், மாலை கடைசி பஞ்ச், இடையில் 45 நிமிடம் கழித்துக்கொள்ளும். முடிந்தது.

நேரக்காப்பாளர்:
அமைப்பைத் தொடுவதற்கு முன் அந்த ஒரு நாளின் மூலப் பதிவை இங்கே போடுங்கள், தென்றல். ரிப்போர்ட் வேண்டாம். மெஷினிலிருந்து வந்த வரிகள் அப்படியே, விநாடியோடு வேண்டும். நீங்கள் கையால் சேர்த்த வரியும் அதில் இருக்கட்டும்.

தென்றல்:
இதோ சார். M என்று இருப்பது நான் சேர்த்தது.

```
11  08:56:21
11  13:02:47
11  18:00:00  M
11  18:07:09
```

நேரக்காப்பாளர்:
கோளாறு இதிலேயே தெரிகிறது. உங்கள் மென்பொருள் பஞ்சுகளை நேர வரிசையில் அடுக்கி, ஒன்று விட்டு ஒன்றாக இன், அவுட் என்று எடுத்துக்கொள்கிறது. கதவில் இருக்கும் மெஷினுக்கு ஆள் உள்ளே போகிறாரா வெளியே போகிறாரா என்று தெரியாது, அதற்குத் தெரிவது நேரம் மட்டும்தான்.

நீங்கள் சேர்ப்பதற்கு முன்னால் மூன்று பஞ்ச் இருந்தது. 08:56 இன், 13:02 அவுட், 18:07 மறுபடி இன். மாலையில் வீட்டுக்குக் கிளம்பியவரை உள்ளே வந்தவராக அது எண்ணிவிட்டது, அதனால்தான் "அவுட் இல்லை" என்று சொன்னது. உண்மையில் விடுபட்டது அவுட் இல்லை, சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது வைக்க வேண்டிய இன். மாலையில் அவர் பஞ்ச் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இப்போது 18:00 சேர்த்ததும் கணக்கு இப்படி ஆகிவிட்டது:

```
08:56:21 IN   13:02:47 OUT   4:06:26
18:00:00 IN   18:07:09 OUT   0:07:09
                     மொத்தம்  4:13:35
```

பிற்பகல் முழுக்க வெறும் ஏழு நிமிடம். நீங்கள் அவுட் என்று எழுதினாலும் வரிசை அதை இன் ஆக்கிவிட்டது. எத்தனை தடவை மறுகணக்கிட்டாலும் 4 மணி 13 நிமிடம்தான் வரும், அது அரை நாள்தான்.

எளியவழி சொன்ன முறை இந்த 11ஆம் தேதிக்கு வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஒருவர் காலைப் பஞ்சை விட்டால் 13:02 தான் அவருடைய முதல் பஞ்ச். நாலு மணி இரண்டு நிமிடம் தாமதம் என்று எழுதும். இடைவேளையை ஒன்றரை மணி நேரமாக நீட்டுபவரும் கண்ணில் படமாட்டார். இன்னொன்று, ஒரு ஆளின் ஒரு நாளுக்காக முறையையே மாற்றி மாதத்தை மறுகணக்கிட்டால் எல்லாருடைய நாட்களும் நகரும்.

மூன்றாம்ஷிஃப்ட்:
எனக்கும் இதே பிரச்சனைதான். இரவு 22:00 முதல் காலை 06:00 ஷிஃப்ட். தினமும் "அவுட் இல்லை" என்று வருகிறது, தினமும் திருத்தப் படிவம் எழுதுகிறேன். நானும் மதிய இன் சேர்க்க வேண்டுமா?

நேரக்காப்பாளர்:
இல்லைங்க, உங்களுடையது வேறு. உங்கள் பஞ்ச் எதுவும் விடுபடவில்லை. 06:05க்கு வைத்த அவுட் தேதி மாறிப்போய் அடுத்த நாளின் முதல் இன் ஆகிறது. உங்கள் ஷிஃப்டுக்கு நாள் முடியும் நேரம் நள்ளிரவாக இருக்கும். அதைக் காலை 10:00 போல ஷிஃப்ட் இல்லாத ஒரு நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அதுவரை படிவம் எழுதாதீர்கள். உண்மையான அவுட் இருக்கும்போதே இன்னொன்றைச் சேர்த்தால் சிக்கல் இரட்டிப்பாகும்.

தென்றல், இனி உங்கள் திருத்தம். 18:00 வரியை அழித்துவிடாதீர்கள், காரணம் எழுதி ரத்து செய்யுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சேர்த்தோம், ஏன் எடுத்தோம் என்று இரண்டும் தெரிய வேண்டும். மெஷினிலிருந்து வந்த மூன்று வரிகளை யாரும் தொடக்கூடாது.

அடுத்து, அந்த மதிய இன் நிஜமாகவே விடுபட்டதா, இல்லை இன்னும் வந்து சேரவில்லையா என்று பாருங்கள். 11ஆம் தேதி 13:30க்கும் 13:50க்கும் நடுவில் அதே மெஷினில் மற்றவர்கள் பஞ்ச் இருக்கிறதா? இருந்தால் இவர் மறந்திருக்கிறார், அல்லது விரல் பதியாமல் நகர்ந்திருக்கிறார். ஏற்றுக்கொள்ளாத விரல் பொதுவாக வருகைப் பதிவில் ஏறாது. ஒருவர் பஞ்ச் கூட இல்லையென்றால் மெஷின் இணைப்பு அறுந்திருக்கலாம், பதிவுகள் அதன் நினைவகத்திலேயே காத்திருக்கலாம். அப்படியிருக்கும்போது கையால் 13:41 சேர்த்து, பிறகு நிஜமான 13:38 வந்து இறங்கினால் 13:38 இன், 13:41 அவுட், 18:07 மறுபடி இன். பழைய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

தென்றல்:
பார்த்துவிட்டேன் சார். அந்த நேரத்தில் பதினாறு பேர் பஞ்ச் இருக்கிறது, இவருடையது மட்டும் இல்லை. அவர் கம்ப்யூட்டர் பூட்டைத் திறந்த நேரம் 13:41 என்று இருக்கிறது. 18:00ஐ ரத்து செய்து, புதிய படிவத்தில் 13:41 இன் என்று எழுதி வாங்கிச் சேர்த்தேன். அந்த ஒரு தேதியை மட்டும் மறுகணக்கிட்டதும் 8 மணி 32 நிமிடம், முழு நாள் வந்துவிட்டது. ரொம்ப நன்றி.

ஆனால் இன்னொரு விஷயம் இடிக்கிறது. அதே ஆளுக்கு 6ஆம் தேதி காலைப் பஞ்ச் விடுபட்டிருந்தது. அதற்கு மேற்பார்வையாளர் 09:06 என்று எழுதிக் கொடுத்தார், சேர்த்தேன். 6ஆம் தேதி சரியாகிவிட்டது. ஆனால் இதுவரை சுத்தமாக இருந்த 17ஆம் தேதிக்குத் திடீரென்று லேட் மார்க் வந்திருக்கிறது. 17ஐ நான் தொடவே இல்லை. தாமதமாக வந்தாலும் லேட் போடாமல் விடும் கிரேஸ் டைம் 10 நிமிடம், அன்று அவர் வந்தது 09:07. மூன்று நிமிடம் மீதம் இருக்கிறதே?

எளியவழி:
மென்பொருள் கோளாறு. கிரேஸுக்குள் வந்தவருக்கு லேட் போடக்கூடாது. சப்போர்ட்டுக்கு எழுதுங்கள்.

நேரக்காப்பாளர்:
எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள், தென்றல். கிரேஸ் மாதத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணிக்கை ஏதாவது இருக்கிறதா?

தென்றல்:
இருக்கிறது. மாதம் மூன்று தடவை. அதற்கு மேல் போனால் 9:00லிருந்து தாமதம் எண்ண வேண்டும்.

நேரக்காப்பாளர்:
அப்படியானால் மென்பொருள் சொன்னபடிதான் செய்திருக்கிறது. இவர் 9:00க்குப் பிறகு வந்த நாட்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

தென்றல்:
4ஆம் தேதி 09:05, 9ஆம் தேதி 09:08, 17ஆம் தேதி 09:07. மூன்றுதான்... ஓ, இப்போது 6ஆம் தேதியும் சேர்ந்துவிட்டது.

நேரக்காப்பாளர்:
அதேதான். 6ஆம் தேதி காலைப் பஞ்ச் இல்லாமல் இருந்தவரை அந்த நாள் கிரேஸ் எண்ணிக்கையில் வரவில்லை. 09:06 ஏறியதும் அது இரண்டாவது ஆகிறது, 9ஆம் தேதி மூன்றாவது, 17 நான்காவது. நான்காவதற்குச் சலுகை இல்லை, அதனால் 17ஆம் தேதி ஏழு நிமிடம் லேட். பழைய தேதியில் ஒரு பஞ்ச் சேர்த்தால் அதற்குப் பின்னால் வரும் நாட்கள் இப்படி நகரும். ஆகவே காலை இன் திருத்தும்போது மட்டும் அந்த மாதத்தின் லேட் பட்டியலை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது நான் கேட்க நினைப்பது, அந்த 09:06 எங்கிருந்து வந்தது?

தென்றல்:
அதுவும் கம்ப்யூட்டர் திறந்த நேரம்தான் சார்.

நேரக்காப்பாளர்:
அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கம்ப்யூட்டர் திறந்த நேரம் "09:06க்கு இவர் உள்ளே இருந்தார்" என்பதற்குச் சாட்சி. 09:06க்குத்தான் வந்தார் என்பதற்குச் சாட்சி அல்ல. பஞ்ச் வைத்துவிட்டு இருக்கைக்குப் போய் உட்கார நேரம் ஆகும். அவர் ஒழுங்காகப் பஞ்ச் வைத்த பத்து நாட்களை எடுத்து, பஞ்சுக்கும் கம்ப்யூட்டர் திறந்ததற்கும் இடையே எத்தனை நிமிடம் என்று பாருங்கள். மதிய 13:41க்கு இது பொருட்டில்லை, இடைவேளை 13:45 வரை கணக்கு. காலையில் அந்த ஐந்தாறு நிமிடம்தான் எல்லாமே.

தென்றல்:
எடுத்துப் பார்த்தேன். பத்து நாளில் குறைந்தது 5 நிமிடம், அதிகம் 9 நிமிடம். அப்படியென்றால் 8:57க்கும் 9:01க்கும் நடுவில் வந்திருக்கிறார்.

எளியவழி:
கம்ப்யூட்டர் நேரத்திலிருந்து கழித்துக்கொண்டே போனால் எல்லாரும் 8:59 என்று எழுதி வாங்குவார்கள். கையில் ஆதாரம் இருக்கும் நேரம் 09:06. அதைத்தான் எழுத வேண்டும். பஞ்ச் வைக்காதது அவர் தவறு, சந்தேகத்தின் பலனை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

நேரக்காப்பாளர்:
இதில் உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் பஞ்ச் விட்டதற்குத் தண்டனை வேண்டுமென்றால் அதற்குத் தனி விதி வையுங்கள், மாதம் இத்தனை திருத்தம் வரை என்று. அதைத் தாமதமாக மாற்றி 17ஆம் தேதியில் வசூலிப்பது சரியில்லை. ஊகித்து 8:59 போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். வாசல் காவலர் பதிவேடு இருந்தால் அதைப் பாருங்கள்.

தென்றல்:
வாசல் பதிவேட்டில் 6ஆம் தேதி அவர் நுழைந்தது 08:55. வாசலிலிருந்து மெஷினுக்கு நடக்க மூன்று நிமிடம் ஆகும்.

எளியவழி:
வாசலில் நுழைந்தது வேலைக்கு வந்ததாகாது. நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கலாம்.

நேரக்காப்பாளர்:
இருக்கலாம். ஆனால் இப்போது இரண்டு பக்கமும் எல்லை கிடைத்துவிட்டது: 08:55க்கு வாசலில், 09:06க்கு இருக்கையில். இரண்டையும் படிவத்தில் எழுதி, நகல் இணைத்து, எந்த நேரம் என்பதை மேற்பார்வையாளர் முடிவு செய்யட்டும். நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், அது உங்கள் பொறுப்பு இல்லை. சம்பளக் கணக்கு எப்போது பூட்டுவார்கள்?

தென்றல்:
25ஆம் தேதி மாலை. இரண்டு நகலோடு படிவம் மேற்பார்வையாளர் மேசைக்குப் போயிருக்கிறது. அதற்குள் பதில் வராவிட்டால்?

நேரக்காப்பாளர்:
இருப்பது அப்படியே பூட்டட்டும், பூட்டிய மாதத்தைத் திறக்கச் சொல்லாதீர்கள். முடிவு அவருக்குச் சாதகமாக வந்தால் 17ஆம் தேதிக்குப் பிடித்ததை அடுத்த சம்பளத்தில் நிலுவையாகச் சேருங்கள். படிவம் கொடுத்த தேதி 25க்கு முன்னால் என்பது தெரியும்படி நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.