கலங்கரை விளக்கம் கடைசி இரண்டு வினாடியில் பாய்ந்து வந்தது: உங்கள் ஹைப்பர்லாப்ஸ் அனுபவம் எப்படி?

பீச்நடையன்

மூன்று வாரமாக மனதை அரிக்கிறது, கொட்டிவிடுகிறேன். மெரினா நடைபாதையில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து நடந்தபடி, படம் படமாக எடுத்து வேகமாக ஓட்டும் ஒரு ஹைப்பர்லாப்ஸ். போன் ஆடாமல் பிடிக்கும் ஜிம்பல் கிடையாது, போன் மட்டும்தான். காலை 6 மணிக்குத் தொடங்கினேன். இரண்டு ஸ்டெப், நில், திரையில் தெரியும் கிரிட் கோட்டைக் கோபுரத்தின் இடது ஓரத்தில் பொருத்து, ஒரு போட்டோ. மறுபடி இரண்டு ஸ்டெப். 10 வினாடி வீடியோவுக்கு 300 படம் என்று கணக்கு. ஏறக்குறைய 500 மீட்டரில் ஆரம்பித்து 50 மீட்டரில் முடித்தேன், அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

நடுவில் கைத்தடியோடு வாக்கிங் வந்த ஒரு பெரியவர், என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மூன்றாவது தடவை நின்றே விட்டார். "என்ன தம்பி தொலைச்சீங்க? நானும் தேடட்டுமா?"

வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தால், ஆட்டம் கூட அவ்வளவு இல்லை. ஆனால் கோபுரம் ஆறேழு வினாடி "வரேன் வரேன்" என்று தூரத்திலேயே நிற்கிறது. கடைசி இரண்டு வினாடியில் முகத்தில் அறைகிற மாதிரி பாய்ந்து வருகிறது. ஒரே மாதிரி இரண்டிரண்டு ஸ்டெப்தான் வைத்தேன், சத்தியமாக. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஜிம்பல்குமார்

ஜிம்பல் வாங்குங்கள் பாஸ், எல்லாம் சரியாகிவிடும். கையில் பிடித்தால் இப்படித்தான். நானும் முதலில் கையில்தான் எடுத்தேன், தலை சுற்றும். ஜிம்பல் வந்த பிறகு நடந்துகொண்டே வீடியோ, அப்புறம் 10 மடங்கு வேகம், முடிந்தது வேலை. 300 போட்டோ, நின்று நின்று, இதெல்லாம் தேவையே இல்லாத கஷ்டம். வாங்கும்போது மூன்று அச்சு உள்ளதா என்று பாருங்கள், போனின் எடையை கவரோடு சேர்த்துப் பாருங்கள், மடக்கிப் பையில் வைக்க முடியுமா என்று பாருங்கள். போனை மாட்டியதும் நடுநிலை சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் திணறி பேட்டரி சீக்கிரம் இறங்கும். சார்ஜ் போட மறக்காதீர்கள். நான் மறந்து ஒருநாள் பெசன்ட் நகர் வரை போய்த் திரும்பினேன்.

மந்தைவெளிக்காரி

குமார், அவர் கேட்டது ஆட்டத்தைப் பற்றி இல்லை. ஆட்டம் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார், படியுங்கள்.

என் கதை வேறு. வடக்கு மாட வீதியில் காலையில் பூக்கடைகள் திறக்கும் நேரத்தில் நடந்தபடி வீடியோ எடுத்தேன், என் தம்பியிடம் ஜிம்பல் வாங்கித்தான். 20 மடங்கு வேகப்படுத்தினேன். என் அம்மா பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்து, "எனக்கு வாந்தி வருதுடி" என்றார்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். நான் நடப்பது வினாடிக்கு 1.2 மீட்டர் போல. அதை 20 மடங்காக்கினால் மணிக்கு 86 கிலோமீட்டர். மாட வீதியில் கை நீட்டினால் பூக்கூடை தொடும் தூரத்தில் 86-இல் போனால் யாருக்குத்தான் வாந்தி வராது? 8 மடங்குக்கு இறக்கினேன், ஏறக்குறைய 35. ஆட்டோவில் போகிற உணர்வு, கூடைகள் கூடைகளாகவே தெரிந்தன. அதே 8 மடங்கை மெரினா மணலில் போட்டுப் பார்த்தேன், நத்தை ஊர்கிற மாதிரி இருக்கிறது. அங்கே பக்கத்தில் ஒன்றுமே இல்லையே, எதைப் பார்த்து வேகம் தெரியும்? அங்கே 25 மடங்கு கூடத் தாங்குகிறது. அதனால் "10 மடங்கு போடு" என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பக்கவாட்டில் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துத்தான் இப்போது முடிவு செய்கிறேன்.

ஜிம்பல் பற்றியும் ஒரு வார்த்தை. போன் சாய்வதையும் திரும்புவதையும் அது பிடித்துவிடுகிறது. நான் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குவதை அது பிடிப்பதில்லை. நாலு சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம் தூரத்துக் கோபுரத்தில் தெரியவே தெரியாது, பக்கத்துப் பூக்கூடையில் குதியோ குதி என்று குதிக்கும்.

ஜிம்பல்குமார்

முழங்காலை மடக்கி நடக்க வேண்டும் மேடம். குதிகால் முதலில், அப்புறம் விரல். நிஞ்ஜா நடை என்பார்கள்.

மந்தைவெளிக்காரி

மாட வீதியில் புடவையோடு நிஞ்ஜா நடை. சரி.

ரயில்சிநேகிதன்

நானும் எடுத்திருக்கிறேன்! மெட்ரோவில் முதல் பெட்டியில் ஜன்னல் பக்கம் போனைச் சாய்த்து வைத்து டைம்லாப்ஸ் போட்டேன். ஆட்டமே இல்லை, ரொம்ப ஸ்மூத். நடக்கவே வேண்டாம். பீச்நடையன் அண்ணே, பறக்கும் ரயிலில் முயற்சி பண்ணிப் பாருங்களேன், கலங்கரை விளக்கம் ஸ்டேஷனே இருக்கிறது.

பழைய சங்கிலி

ஓய்வுபெற்ற சர்வேயர் நான். பேரனுக்காகப் போனில் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். பீச்நடையன் தம்பிக்கு நடந்தது கேமராப் பிரச்சினை இல்லை, தூரத்தின் பிரச்சினை. (தம்பி 'ஸ்டெப்' என்று எழுதியதையே நானும் வைத்துக்கொள்கிறேன். 'அடி' என்று சொன்னால் எனக்குப் 12 அங்குலம்தான் ஞாபகம் வரும்.)

இரண்டு ஸ்டெப் என்பது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். 500 மீட்டரில் நிற்கும்போது ஒன்றரை மீட்டர் முன்னே போனால், கோபுரம் படத்தில் 0.3 சதவீதம் வளர்கிறது. 50 மீட்டரில் அதே ஒன்றரை மீட்டருக்கு 3 சதவீதம் வளர்கிறது. பத்து மடங்கு வித்தியாசம். கால் ஒரே மாதிரிதான் நடந்தது, கண்ணுக்குத்தான் அப்படி இல்லை. உங்கள் 10 வினாடியில் முதல் 8 வினாடிக்குக் கோபுரம் மூன்றரை மடங்கு வளர்ந்திருக்கும், கடைசி 2 வினாடியிலேயே கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பாயாமல் என்ன செய்யும்?

நான் செய்து பார்த்தது இது. 600 மீட்டரில் தொடங்கி 60-இல் முடிக்க, 300 படம். ஒவ்வொரு படத்திலும் கோபுரம் ஒரே விகிதத்தில், அதாவது முக்கால் சதவீதத்துக்குச் சற்றே கூடுதலாக, வளர வேண்டும். கணக்குப் போட்டால் அழகாக வருகிறது: எத்தனை நூறு மீட்டர் தள்ளி நிற்கிறீர்களோ, அத்தனை ஸ்டெப். 600-இல் ஆறு ஸ்டெப்புக்கு ஒரு படம், 300-இல் மூன்று, 100-இல் ஒன்று, 60-இல் அரை ஸ்டெப்பை விடக் கொஞ்சம் கூட. படங்களின் எண்ணிக்கையை மாற்றினால் இந்தக் கணக்கு மாறும், அதை ஞாபகம் வையுங்கள். முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து மேப்பில் 600, 400, 300, 200, 100 மீட்டர் புள்ளிகளை அளந்து, அந்த இடத்தில் என்ன இருக்கிறது, விளக்குக் கம்பமா பெஞ்சா, என்று போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்று. கிரிட் கோட்டைக் கோபுரத்தின் உச்சியில் வைத்தீர்களா? அது 46 மீட்டர் உயரம். 600 மீட்டரில் உச்சியைப் பார்க்க நாலு டிகிரிதான் நிமிர வேண்டும், 60 மீட்டரில் 36 டிகிரி போல. உச்சியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போன் வானத்தைப் பார்க்கும், கோபுரம் பின்னால் சாயும். கீழே இருக்கும் முதல் சிவப்புப் பட்டையைப் பிடியுங்கள். கடைசியில் உச்சி வெட்டுப்பட்டால் படட்டும்.

மந்தைவெளிக்காரி

ஐயா, கணக்கு பிரமாதம். ஆனால் 600 மீட்டரில் ஆறு ஸ்டெப் தாண்டினால் நடைபாதையில் உள்ள பெஞ்சு, கம்பம், ஆட்கள் எல்லாம் ஒரு படத்தில் இருந்து அடுத்ததில் தாவிப் போய்விடுமே? கோபுரம் ஒழுங்காக வளரும், தரை தடதடவென்று ஓடும்.

பழைய சங்கிலி

ஓடும்மா. பேரனும் அதைத்தான் சொன்னான். கீழே தரை அதிகம் தெரியாத மாதிரி, கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கடல் பக்கம் நின்று எடுத்தேன், பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு எனக்கு வழி தெரியவில்லை. இடையில் ஏதாவது ஒரு சமரசம் செய்யலாம், ஐந்தில் தொடங்கி ஒன்றில் முடிக்கலாம். பாய்ச்சல் முழுதாகப் போகாது, குறையும்.

நைட்ஷிப்ட்

யாரும் வெளிச்சத்தைப் பேசவில்லை, எனக்கு அதுதான் ஆறாத புண். வேலை முடிந்து விடியற்காலை 5 மணிக்கு, தெருவிளக்கு எரிகிற நேரத்தில், நடந்துகொண்டே வீடியோ எடுத்தேன். ஆப்பில் ஆட்டத்தை நீக்கும் வசதியைப் போட்டேன். கம்பங்கள் அசையாமல் நிற்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் மூச்சு விடுவது மாதிரி ஒரு கணம் மங்கலாகி ஒரு கணம் தெளிவாகிறது. இருட்டில் ஷட்டர் மெதுவாகிவிடும், கால் தரையில் அறையும் அந்த நொடியில் படம் அதற்குள்ளேயே இழுபட்டுவிடுகிறது. இழுபட்ட படத்தை எந்த ஆப்பும் நகர்த்தத்தான் முடியும், துடைக்க முடியாது. இருட்டில் என்றால் பீச்நடையன் மாதிரி நின்று நின்றுதான் எடுக்க வேண்டும். குமார், இதுக்கும் ஜிம்பல்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்.

ஜிம்பல்குமார்

சொல்லவே இல்லையே! ஆனால் கொஞ்சம் குறையும்.

மந்தைவெளிக்காரி

நைட்ஷிப்ட் சொன்னது சரி. கூடவே ஒன்று: முதலில் ஆட்டத்தை நீக்கிவிட்டு அப்புறம் வேகப்படுத்தினேன், படகில் போகிற மாதிரி மெல்ல இடம் வலமாக ஊசலாடியது. சாதாரண வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத அலைவு, எட்டு மடங்கில் தெரிகிறது. முதலில் வேகப்படுத்தி, அந்தப் பைலை எடுத்து, அதன் மேல் ஆட்டத்தை நீக்கினேன், பரவாயில்லை. ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்படும், அதற்கு இடம் விட்டு எடுங்கள்.

பீச்நடையன்

நேற்று மறுபடி போனேன். ஐந்தில் தொடங்கி ஒன்றில் முடிக்கும் சமரசம்தான். முதல் பட்டையில் கோடு. விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சமும் ஃபோகஸும் மாறாமல் பூட்டும் AE/AF LOCK வரவைத்த பிறகே தொடங்கினேன். போன தடவை மேகம் வந்து போகும்போதெல்லாம் கோபுரம் மின்னியது, அதனால்.

இரண்டாவது ஸ்டெப்பா மூன்றாவதா என்று எண்ணிக்கொண்டே போவதில் பாதி மூளை போய்விடுகிறது. ஒரே காலில் நின்று எடுத்தால் உடம்பு ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் என்று நினைத்து, முடிந்தவரை இடது கால் ஊன்றும்போது மட்டும் எடுத்தேன், ஒற்றைப்படை வரும் இடங்களில் ஒரு ஸ்டெப் கூட்டியோ குறைத்தோ. உண்மையிலேயே உதவியதா, என் பிரமையா என்று சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் ஒரு தொல்லை. என் எடிட்டிங் ஆப்பில் ஒரு படத்துக்கு 0.1 வினாடிக்குக் கீழே இறங்காது. 30 வினாடி வீடியோவாக எடுத்து, அதை 3 மடங்கு வேகப்படுத்தி 10 வினாடி ஆக்கினேன்.

இப்போது கோபுரம் பாயவில்லை, ஏறக்குறைய ஒரே சீராக வருகிறது. தரைதான் முதல் மூன்று வினாடி தடதடக்கிறது, மந்தைவெளி அக்கா சொன்னபடியே. நடுவில் சூரியன் ஏறிவிட்டதால், வெளிச்சத்தைப் பூட்டிய பிறகு, கடைசிப் படங்கள் வெளுத்துப்போய் இருக்கின்றன. பூட்டினால் ஒரு தொல்லை, பூட்டாவிட்டால் ஒரு தொல்லை. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

200 மீட்டர் குறிக்கு வந்தபோது அந்தப் பெரியவரும் வந்தார். இந்தத் தடவை நிற்கவில்லை. நடந்துகொண்டே, "இன்னும் கிடைக்கலையா?" என்றார்.

ரயில்சிநேகிதன்

அண்ணே, வெளிச்சத்துக்கு ஒரே வழி, மேகமூட்டமான நாளில் போங்கள். இல்லாவிட்டால் ரயில்.