டாக்ஸிக்கு கி.மீ. செலவு: என் கணக்கைச் சரிபார்க்க உதவுங்க

வணக்கம். சென்னை டிராஃபிக்கில் ஏசி போட்டு ஓடும் செடானுக்கு உத்தேசக் கணக்கு இது. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், மைலேஜ் 15 என்றால் கி.மீ.க்கு 6.70. டீசல் 92 ரூபாய்க்கு 18 கொடுத்தால் 5.10. சிஎன்ஜி கிலோ 90, மைலேஜ் 22 என்றால் 4.10. ஆனால் பல வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் கேஸுக்கு மாறும். அந்தச் செலவு தனி.

எலெக்ட்ரிக்கில்தான் குழப்பம். டேஷ்போர்டு யூனிட்டுக்கு 7 கி.மீ. காட்டினாலும், சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதம் வீணானால் மீட்டர்படி 6.3தான். ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்கு 3.20 ஆகும், வீட்டில் 8 ரூபாய்க்கு 1.30தான். ஆக, எங்கே சார்ஜ் போடுகிறோம் என்பதே லாபத்தைத் தீர்மானிக்கிறது.

எலெக்ட்ரிக் டாக்ஸி ஓட்டுபவர்கள் டேஷ்போர்டு அளவை விட்டுவிட்டு, ஒரு மாத பில் யூனிட்டையும், காலியாக ஓடியது உட்பட ஓடோமீட்டர் கி.மீ.யையும் சொல்ல முடியுமா?