போனில் 4கே எடுக்க வி90 கார்டுதான் வேண்டுமாம்!

ஜூரோங் சேகர் (வேறு இழையில்): "போனில் 4கே, 60 ஃபிரேம் எடுக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். வினாடிக்கு 72 எழுத வேண்டும். வி30 கார்டு 30தான் எழுதும். வி90 வாங்காமல் அப்புறம் இங்கே வந்து அழாதீர்கள்."

தேக்கா வாசி: இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை, அதனால் தனி இழை. சேகர் அண்ணே, அந்த 72 மெகாபிட். கார்டின் மேல் அச்சடித்திருப்பது மெகாபைட். எட்டால் வகுத்தால் 9 வருகிறது. வி30 வினாடிக்குக் குறைந்தது 30 எழுதும் என்பது உறுதி. 9 எங்கே, 30 எங்கே? என்னைக் கேட்டால் வி30கூடத் தேவையில்லை, பழைய கிளாஸ் 10 கார்டே 10 எழுதும். பாவம், யாரோ ஒரு பையன் உங்கள் பேச்சை நம்பி நூறு வெள்ளியைக் கொட்டப் போகிறான்.

ஜூரோங் சேகர்: வந்துட்டாரு வாத்தியார். தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி கூடவே நடந்து எடுத்தவன் நான். வி30 கார்டு போட்ட போன் வழியிலேயே பதிவை நிறுத்திவிட்டது. நீங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருங்கள். 72 என்றால் 72தான்.

ஈசூன் மாமா: தம்பிகளா, என் கார் கேமராவில் இருக்கும் கார்டு அடிக்கடி 'ஃபார்மட் செய்' என்று கேட்கிறது. அதற்கும் வி90 போட்டால் சரியாகுமா?

பொங்கோல் கவிதா: திருமண வீடியோ எடுக்கிறவர்களின் கார்டுகளைத் தினமும் கையில் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். தேக்கா சொன்ன கணக்கு சரி, முடிவு தவறு. பல சாம்சங் போன்களில் 4கே 60க்கு ஏறக்குறைய 72 மெகாபிட், 30 ஃபிரேமுக்கு 48. அதாவது வினாடிக்கு 9, 6 மெகாபைட். ஆனால் அது சராசரி. கூட்டம் ஆடும்போது, விளக்கு மின்னும்போது இதற்கு மேல் எகிறும். கிளாஸ் 10 தரும் உறுதி வெறும் 10. ஒன்பதுக்குப் பத்து போதும் என்று நினைத்தால் மூச்சு விட இடமே இல்லை. வி30, இல்லையென்றால் யூ3. இரண்டுக்கும் குறைந்தபட்ச எழுத்து வேகம் 30தான். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சேகர் அண்ணன் சொல்லும் வி90க்கு வருகிறேன். அந்தக் கார்டைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் தங்க நிறத் தொடுமுனைகள் இரண்டு வரிசை இருக்கும். 90 வேண்டுமென்றால் இரண்டாவது வரிசையும் வேலை செய்ய வேண்டும். போனில் கார்டு உட்காரும் இடத்தில் ஒரு வரிசைக்குத்தான் இணைப்பு. கார்டு வேலை செய்யும், ஆனால் அந்த 90க்கு உறுதி கிடையாது. காசு கொடுத்த இரண்டாவது வரிசை போனுக்குள் சும்மா கிடக்கும்.

ஜூரோங் சேகர்: 'வேலை செய்யும்' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி. என் வி90இல் ஒருமுறைகூட நிற்கவில்லை. வி30இல் நின்றது. 72 எழுத முடியாத கார்டு நிற்கத்தானே செய்யும்? இதில் இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை என்று எதற்குப் பாடம்?

தேக்கா வாசி: மெகாபிட் அண்ணே, மெகாபிட்! கவிதா, கிளாஸ் 10 தவறு என்பதை நான் ஏற்கவில்லை. என்னிடம் ஓடுகிறது.

பொங்கோல் கவிதா: உங்களிடம் ஓடுவது 4கே 30 ஆக இருக்கும். அதற்கு 6 போதும்.

தேக்கா வாசி: 60தான். நான் என்ன குழந்தையா?

உட்லண்ட்ஸ் பிரியா: நானும் கார்டு வாங்க வேண்டும் என்றிருந்தேன். விளையாட்டுகளைக் கார்டுக்கு மாற்றியதும் போன் திக்கித் திக்கி ஓடுகிறது. வி90 போட்டால் வேகமாகுமா?

பொங்கோல் கவிதா: பிரியா, அது வேறு கதை. வீடியோ என்பது ஒரே நீளமாக எழுதிக்கொண்டே போவது. ஆப் என்பது ஆயிரம் சின்னத் துண்டுகளை அங்கேயும் இங்கேயும் தேடி எடுப்பது. அதற்குக் கார்டில் ஏ1, ஏ2 என்ற முத்திரையைப் பாருங்கள். ஏ2வின் முழு வேகமும் போன் ஒத்துழைத்தால்தான் வரும், அதனால் ஏ1 போதும். முடிந்தால் விளையாட்டைப் போனிலேயே வைத்துவிட்டு வீடியோவைக் கார்டுக்கு அனுப்புங்கள்.

சேகர் அண்ணே, ஒரே ஒரு வேலை. நின்றுபோன வீடியோ இன்னும் இருக்கிறதா? கேலரியில் 'விவரங்கள்' போய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம், எத்தனை ஜிபி?

ஜூரோங் சேகர்: எதற்கு? மாட்டிவிடப் பார்க்கிறீர்களா? சரி, ஒளிக்க என்ன இருக்கிறது. 12 நிமிடம், 6.4 ஜிபி. எவ்வளவு பெரிய கோப்பு பாருங்கள், அப்புறமும் 9 என்கிறீர்களே!

பொங்கோல் கவிதா: 6.4 ஜிபி என்றால் 6400 மெகாபைட். 12 நிமிடம் என்றால் 720 வினாடி. வகுத்தால் 8.9. உங்கள் போன் அன்றைக்கு டேங்க் ரோட்டில் வினாடிக்கு 9 மெகாபைட்கூட எழுதவில்லை. இதற்கு யாரும் கார்டு நிறுவனத்தைக் கேட்க வேண்டாம், உங்கள் கோப்பே சொல்கிறது.

தேக்கா வாசி: 😂😂😂

ஜூரோங் சேகர்: சிரிங்க சிரிங்க. 9தான் எழுதியது, 30 எழுதும் கார்டில் ஏன் நின்றது? பதில் சொல்லுங்கள். 72 வேண்டிய இடத்தில் 9 எழுதியதால்தான் நின்றது. இது புரிய பட்டம் வேண்டாம்.

ஈசூன் மாமா: என் கார்டில் 160 என்று போட்டிருக்கிறது. 160 பெரியதா 90 பெரியதா?

பொங்கோல் கவிதா: மாமா, அந்த 160 படிக்கும் வேகம், அதுவும் அந்த நிறுவனத்தின் தனி ரீடரில் வைத்தால். கண்ணை அதிலிருந்து எடுத்துவிட்டு, 'வி' எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

சேகர் அண்ணன் கேட்டது நல்ல கேள்விதான். வி30 முத்திரைக்குச் சோதிக்கும்போது, காலியான இடத்தில், விதிப்படி வரிசையாக எழுதிப் பார்ப்பார்கள். உங்கள் கார்டோ பழையது, பாதிக்கு மேல் நிறைந்தது, அழித்து அழித்து எழுதியது. புதிதாக எழுதுமுன் பழைய இடத்தைத் துடைக்க வேண்டும், துடைக்கும் நேரத்தில் கார்டு ஓரிரு வினாடி திணறும். போன் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் பதிவை நிறுத்திவிடும். போலிக் கார்டாக இருந்தாலும் இதே நோய்தான். இன்னொரு காரணம் வெயில். நடந்துகொண்டே 4கே எடுத்தால் போன் கொதிக்கும், கேமராவைத் தானே மூடிக்கொள்ளும். நின்றபோது திரையில் என்ன வந்தது, சூட்டைப் பற்றியா, கார்டைப் பற்றியா?

ஜூரோங் சேகர்: கூட்டத்தில் யார் திரையைப் படித்தது. சூடு எல்லாம் சாக்கு. வி90 போட்டேன், நிற்கவில்லை. அவ்வளவுதான்.

பொங்கோல் கவிதா: வி90 புதுக் கார்டு. காலிக் கார்டு. அதை எடுத்தது எப்போது?

ஜூரோங் சேகர்: தீபாவளி விளக்கு. சிராங்கூன் ரோட்டில்.

தேக்கா வாசி: ராத்திரியில்! வெயிலில் ஒரு கார்டு, ராத்திரியில் இன்னொரு கார்டு, அப்புறம் தீர்ப்பு வேறு. அந்த விளக்கு வீடியோவை நாங்களும் பார்த்தோம் அண்ணே. வளைவைத் தவிர எல்லாம் தெரிந்தது, உங்கள் கட்டைவிரல் உட்பட.

ஜூரோங் சேகர்: போன வருடம் என் வீடியோவுக்குக் கீழே 'கை நடுக்கமா' என்று எழுதியது நீதானே? அந்தக் காய்ச்சல் இன்னும் போகவில்லை. ஜொகூரில் தள்ளுவண்டியில் கார்டு வாங்குகிறவன் எனக்கு வகுப்பு எடுக்கிறான்.

தேக்கா வாசி: ஜொகூரில் வாங்கினால் என்ன? பெட்டி பிரிக்காத சரக்கு. இங்கே வாங்குகிறவர்கள் எல்லாம் ஏமாறாதவர்களா?

உட்லண்ட்ஸ் பிரியா: இரண்டு பேரும் சண்டையை நிறுத்தினால் நான் கேட்க வந்ததைக் கேட்பேன்.

பொங்கோல் கவிதா: வாங்கிய இடம் எதுவானாலும் சோதிக்கலாம். சேகர் அண்ணனின் அந்த 6.4 ஜிபி வீடியோ போனின் உள் நினைவகத்துக்கு வரட்டும். அங்கிருந்து அந்த வி30 கார்டுக்கு நகலெடுத்து நேரம் பாருங்கள். மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்தால் கார்டு வினாடிக்கு 30 எழுதுகிறது, குற்றம் வேறு இடத்தில். 12 நிமிடத்தைத் தாண்டினால் எடுத்த வேகத்தில் எழுத அந்தக் கார்டால் முடியவில்லை, தூக்கிப் போடுங்கள். ஆரம்பத்தில் வேகமாக ஓடி அப்புறம் சரிகிறதா என்றும் கவனியுங்கள். பல கார்டுகள் முதல் சில ஜிபியை மட்டும் பாய்ந்து எழுதும், அதனால் சின்னக் கோப்பை வைத்துச் சோதித்துப் பயனில்லை.

இடையில் விழுந்தால்? எட்டு நிமிடம் வந்தால் வினாடிக்கு 13. 4கே 60க்கு அதை நம்பி வெளியே போக மாட்டேன், 4கே 30க்குப் போவேன்.

தேக்கா வாசி: 13 என்றால் கிளாஸ் 10க்கு மேல். நான் சொன்னதுதான்.

பொங்கோல் கவிதா: நீங்கள் சொன்னது அதுவல்ல.

ஜூரோங் சேகர்: நகல் எடுப்பதும் நேரலையாக எழுதுவதும் ஒன்றா? கேமரா கொடுக்கிற அழுத்தம் வேறு. நான் ஏன் என் நேரத்தைச் செலவழித்து இவருக்காக நகல் எடுக்க வேண்டும்? 72க்கு 90 வாங்கினேன், மிச்சம் 18 கையில் இருக்கிறது. இதில் என்ன தப்பு?

பொங்கோல் கவிதா: தப்பு எதுவும் இல்லை, பணம் உங்களுடையது. தலைப்பைப் பார்த்து மற்றவர்கள் வாங்குவார்களே என்றுதான்.

ஈசூன் மாமா: கார் விஷயம்?

பொங்கோல் கவிதா: மாமா, காரில் வேகம் பிரச்சினையே இல்லை. கேமரா நிறைந்ததும் பழையதை அழித்து மேலேயே எழுதும், நாள் முழுக்க. கார்டு தேய்ந்துவிடும். மதியம் திறந்தவெளியில் நிறுத்தினால் சூடும் சேரும். தொடர்ந்து எழுதுவதற்கென்று தனியாக விற்கும் கார்டைக் கேளுங்கள், வி30 போதும்.

ஈசூன் மாமா: என் காரை மூடிய நிறுத்துமிடத்தில்தான் வைக்கிறேன்.

ஜூரோங் சேகர்: மாமா, வி90 வாங்குங்கள். நான் வாங்கிய கடையைத் தனியே அனுப்புகிறேன்.

தேக்கா வாசி: ஆரம்பிச்சிட்டாரு! கடைக்காரர் எவ்வளவு கமிஷன் தருகிறார் அண்ணே?

ஜூரோங் சேகர்: நிர்வாகிக்குப் புகார் அனுப்பிவிட்டேன். கமிஷன் என்று எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உட்லண்ட்ஸ் பிரியா: கவிதா அக்கா, ஏ1 என்றால் எத்தனை ஜிபி வாங்கலாம்? இவர்களைப் பார்க்காமல் எனக்கு மட்டும் சொல்லுங்கள்.