சீனச் சதுரங்கமான சியாங்சி: பீரங்கியின் செக்கைக் காவலர் மறித்தால் என்ன செய்வது?

கறுப்புத் தளபதி கடைசி வரிசை நடுவில், இருபுறமும் காவலர்கள். அதே கோட்டில் தொலைவில் என் சிவப்புப் பீரங்கி. இடையில் ஒரு காய் இருந்தால்தானே அது செக் கொடுக்கும்? அதனால் தளபதிக்கு இரண்டு புள்ளி முன்னால் குதிரையை நிறுத்துகிறேன். செக்! உடனே ஒரு காவலர் தளபதிக்கு முன்னால் ஏறுகிறார். இடையில் இரண்டு காய்கள், செக் போய்விடுகிறது.

வலப்பக்கக் காவலர் ஏறினால் கவலையில்லை. குதிரை அவர் வரிசையிலேயே, அரண்மனைக்கு வெளியே ஒட்டித் தாவினால் அதுவும் செக், காவலரைத் தாண்டிப் பீரங்கியும் செக். காலியான வலப்பக்கம் தளபதி ஒதுங்க முடியாது, அந்தக் கோட்டில் என் தளபதி நேரெதிரே நிற்கிறார்.

இடப்பக்கக் காவலர் ஏறினால்தான் சிக்கல். இரட்டைச் செக் கொடுத்தாலும் தளபதி இடப்பக்கம் நழுவிவிடுகிறார். என்னிடம் தேர் இல்லை. அங்கே முதலில் எந்தக் காயை நகர்த்தலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.