உறையைப் பிரித்தது யார்? கன்சார்ட் பட்டியல் கேட்ட கேள்வி

மயக்கவியல் மருத்துவர்:
முதுநிலை படித்தபோது 60 நோயாளிகளிடம் இரண்டு மயக்க மருந்து முறைகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினேன். “நோயாளிகள் ரேண்டமைஸ் செய்யப்பட்டனர்” என்று, அதாவது யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தோம் என்று, ஒரே வரிதான் போட்டிருந்தேன். மதிப்பாய்வாளர், இப்படிப்பட்ட ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று கேட்கும் கன்சார்ட் 2010 பட்டியலின் 8, 9, 10ஆம் எண்களைக் காட்டிக் கேட்டார்: வரிசையைத் தயாரித்தது யார், எப்படி? அது யார் கண்ணிலும் படாமல் எப்படி வைத்திருந்தீர்கள்? நோயாளியைச் சேர்த்தது யார், குழுவில் போட்டது யார்? மூன்றையும் செய்தது நான் ஒருத்திதான். சீட்டுகளை வெள்ளை உறைகளில் போட்டு என் மேசை டிராயரில் வைத்திருந்தேன். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், உள்ளே இருந்த எழுத்து தெரிந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

பல் மருத்துவர்:
டபுள் பிளைண்ட் செய்திருந்தால் இதெல்லாம் தேவையில்லையே? எங்கள் ஆய்வில் நோயாளிக்கும் தெரியாது, அளவெடுத்தவருக்கும் தெரியாது.

புள்ளியியலாளர்:
அது சேர்த்த பிறகு நடப்பது. இங்கே கேட்பது சேர்ப்பதற்கு முந்தைய நொடியைப் பற்றி. அடுத்த சீட்டு எந்தக் குழு என்று தெரிந்தால், உடல்நிலை மோசமான நோயாளியை “இவரை அடுத்ததில் பார்ப்போம்” என்று தள்ளிவிட மனசு வரும். கத்தி வைக்கும் ஆய்வில் கூட, பிளைண்டிங் முடியாவிட்டாலும், இந்த மறைப்பு முடியும். 1995இல் ஷுல்ஸ் குழுவினர் 250 ஆய்வுகளை அலசினார்கள். மறைப்பு சரியில்லாத ஆய்வுகளில் சிகிச்சையின் பலனைக் காட்டும் ஆட்ஸ் ரேஷியோ 41% மிகைப்பட்டிருந்தது.

மயக்கவியல் மருத்துவரே, இரு குழுவுக்கும் சம எண்ணிக்கை வரும்படி சீட்டுகளைப் பிரிக்கும் தொகுதியின், அதாவது பிளாக்கின், அளவு என்ன வைத்தீர்கள்?

மயக்கவியல் மருத்துவர்:
எல்லாமே நான்கு.

புள்ளியியலாளர்:
அப்படியானால் உறை கெட்டியாக இருந்தாலும் ஓட்டைதான். எந்த மருந்து போனது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பிளாக்கில் முதல் இரண்டும் ‘அ’ என்றால் மீதி இரண்டும் ‘ஆ’ என்று விரல்விட்டுச் சொல்லிவிடலாம். 8ஆம் எண் பிளாக் அளவையும் எழுதச் சொல்வது இதனால்தான். நான்கு, ஆறு என்று கலந்து வைத்து, சேர்ப்பவருக்குச் சொல்லாமல் இருக்க வேண்டும். உறைக்கு வரிசை எண் போட்டு, உள்ளே ஃபாயில் வைத்து, நோயாளியின் பெயரை வெளியே எழுதிய பிறகே பிரிக்க வேண்டும்.

நூலகர்:
என் அனுபவம் வேறு. ஒரு மீள்பார்வைக் கட்டுரைக்குத் தேடிக் கொடுத்தேன். அத்தகைய கட்டுரைகளுக்கான பட்டியலான பிரிஸ்மா 2020 எல்லாத் தரவுத்தளங்களின் முழுத் தேடல் வரியையும் வடிகட்டிகளோடு கேட்கிறது. இவர்கள் பப்மெட் வரியை மட்டும் வைத்திருந்தார்கள். மற்ற இரண்டு தரவுத்தளங்களின் வரிகளை நினைவிலிருந்து எழுதித் தரச் சொன்னார்கள், முடியாது என்றேன். மறுபடி தேடினால் எண்ணிக்கை பொருந்தவில்லை.

பல் மருத்துவர்:
சரி, மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு செய்யும்போதே மறைப்பு முறையைக் கேட்டார்கள். உறை என்று தேர்ந்தெடுத்தேன், ஆனால் நாங்கள் உறையே வைக்கவில்லை. இப்போது கட்டுரையில் எதை எழுதுவது?

புள்ளியியலாளர்:
நடந்ததை எழுதுங்கள். பதிவில் இருந்ததிலிருந்து எங்கே மாறியது என்பதையும் சேருங்கள்.

மயக்கவியல் மருத்துவர்:
நானும் அப்படித்தான் எழுதி அனுப்பினேன், குறைபாடுகள் பகுதியில் டிராயர் உட்பட. அந்த இதழ் நிராகரித்துவிட்டது. வேறொரு இதழில் மதிப்பாய்வில் இருக்கிறது.