புதுப்பிப்பு: பழைய எண் போனபின் அப்பாவின் வருமான வரி கணக்கு

முன்பு இங்கே நான் கேட்டது: "அப்பாவின் பழைய சிம் ரீசார்ஜ் இல்லாமல் போய்விட்டது. வருமான வரித் தளத்தின் கடவுச்சொல்லும் மறந்துவிட்டது. ஓடிபி வேறெங்காவது வருமா?"

நேற்று உள்ளே போய்விட்டோம். வரி ஆலோசகராக இருக்கும் அண்ணன் சொன்ன வழிதான். லாகின் பக்கத்தின் கீழே `Net Banking` இருக்கிறது. பான் எண் இணைந்த வங்கிக் கணக்கின் வழியே போனால் கடவுச்சொல்லே கேட்பதில்லை. வங்கியில் அப்பாவின் புது எண் இருந்ததால் தப்பித்தோம். பிறகு `My Profile` போய்த் தொடர்பு விவரத்தில் எண்ணை மாற்றினோம். ஓடிபி புது எண்ணுக்கே வந்தது. அப்பா ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தார்.

ஆதாரில் எண்ணை மாற்றினால் இங்கும் தானாக மாறும் என்றார் ஒருவர். அப்படி மாறாது, இரண்டும் தனித்தனிப் பதிவு. ஆனால் கடவுச்சொல்லை மாற்ற ஆதார் ஓடிபி உதவும் என்பது சரி. அதற்காக ஆதாரிலும் எண்ணை மாற்ற மையத்தில் விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் மாறவில்லை. அதுவரை வங்கி வழிதான்.

பி.எஃப். கணக்கிலும் இப்படி நுழையலாமா என்று கேட்ட அக்கா, அது வேறு தளம், இந்த வழி அங்கே செல்லாது. அப்புறம், துண்டித்த எண்ணை 90 நாளுக்குப் பின் வேறொருவருக்குக் கொடுக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.